கறார் பேரம் பேசிய வேலை

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறார் என்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் கறார் அண்ணன் என்பார்கள். பழைய மேசை, நாற்காலி, இரும்பு பீரோ வாங்கி விற்கிற கடை. மூடுகிற அலுவலகங்களில் போய் மொத்தமாக அள்ளிக்கொண்டு வருவார். கால் ஒடிந்ததை ஒட்டி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, புதிதாகத் திறக்கிற அலுவலகங்களுக்கே விற்றுவிடுவார். ஒரே சுழல் நாற்காலியை மூன்று கம்பெனிகளுக்கு விற்ற கதையை அவரே பெருமையாகச் சொல்வார். நாற்காலி நன்றாகத்தான் இருந்ததாம். கம்பெனிகள்தான் நிலைக்கவில்லையாம்.

பேரத்தில் அவருக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. முதலில் சொல்கிற விலைக்கு ஒருபோதும் தலையாட்டக் கூடாது. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வந்தவன் நாலு கடை ஏறி இறங்கிவிட்டுத் திரும்பி வருவான். அதுவரை நாமாகக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் இளக்காரம். முப்பது வருடமாக இந்த வேதம் அவருக்குப் பொய்த்ததில்லை. பொய்த்த சில முறைகளை அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம்.

மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவரும் மகளும் மட்டும். மகளுக்கு இருபத்தாறு வயது. பட்டப்படிப்பு முடித்தவள். கடைத்தெருவில் ஒரு வீட்டுச் சாமான் ஷோரூமில் பில் போடுகிற வேலை பார்த்து வந்தாள். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு எட்டுக்குத்தான் உட்கார முடியும். நாற்காலிக் கடைக்காரர் மகளுக்கு உட்கார நாற்காலி இல்லை என்று கறாரே ஒரு நாள் கிண்டல் செய்தார். சொன்ன பிறகு அவருக்கே அந்தக் கிண்டல் பிடிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பயிற்சி அதிகாரிகள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. வயது வரம்பு இருபத்தாறு. அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தேழு பிறக்கிறது. இதை விட்டால் அந்தக் கதவு அவளுக்கு இனி இல்லை. ஷோரூமில் நின்றுகொண்டே, பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே, துண்டுத் தாளில் கணக்குப் போட்டுப் போட்டுப் பழகினாள். வேகமும் தூரமும், சதவீதம், எண் தொடர் என்று தாளெல்லாம் கிறுக்கல்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திறனறித் தேர்வு, மதியம் குழு விவாதம். தேர்வு ஒரு மணி நேரம். தப்பு விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்பதால் தெரியாத ஒன்பது கேள்விகளை அப்படியே விட்டுவிட்டாளாம். விவாதத்துக்கு ஒரு மேசைக்குப் பத்துப் பேர். ஓரத்தில் இரண்டு அதிகாரிகள் பேசாமல் குறித்துக்கொண்டே இருந்தார்களாம்.

"நல்லாப் பேசினியாம்மா?" என்றார் கறார்.

"அதிகமாப் பேசலப்பா. எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினாங்க. பேசவே முடியாம ஒரு பையன் உட்காந்திருந்தான். அவரையும் கேப்போம்னு சொன்னேன். கடைசியில எல்லாரும் சொன்னத நாலு வரியில தொகுத்துச் சொன்னேன்."

"அடுத்தவனுக்கு ஏன் வழி விட்ட? உன் சரக்க நீ வித்துட்டு வரணும்."

"அது சந்தை இல்லப்பா" என்று சிரித்தாள்.

முடிவு பத்து வேலை நாளில் வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சனி, ஞாயிறு சேராது. கம்பெனியின் இணையப் பக்கத்தில் பதிவெண் போட்டுப் பார்த்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்து ஒரு தடவை பார்ப்பாள். மெயிலில் குப்பைப் பகுதிக்குள் தவறிப்போய் விழுந்திருக்கிறதா என்றும் பார்ப்பாள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டாள்.

"போன் போட்டுக் கேளேன்" என்றார் கறார்.

"பத்து நாள்னு அவங்களே சொல்லியிருக்காங்கல்ல. அதுக்குள்ள கேட்டா அவசரப்படறோம்னு நெனப்பாங்க. பத்து முடிஞ்சதும் ஒரு மெயில் போடுவேன். நீங்க கூப்பிட்டு வெக்காதீங்கப்பா, சொல்லிட்டேன்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார் கறார். தேர்வு அழைப்புத் தாளில் கம்பெனியின் தொலைபேசி எண் இருந்தது. மூன்றாம் நாளே, அவள் வேலைக்குப் போனதும், கடை மூலையில் ஒரு பீரோவின் மறைவில் நின்றுகொண்டு கூப்பிட்டார். தேர்வுப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். பதிவெண் கேட்டாள். இன்னும் அறிவிக்கவில்லை ஐயா என்றாள். அதன் பிறகு ஒரு வேலை நாள் விடாமல் கூப்பிட்டார். ஐந்தாவது தடவை அந்தப் பெண் பதிவெண்ணே கேட்கவில்லை. குரலை வைத்தே, "நூத்திப் பதினேழுதானே ஐயா? இன்னும் இல்லீங்க" என்றாள். கறாருக்கு ஒரே பெருமை. நம்மைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் பார் என்று. எதற்காகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

ஏழாவது வேலை நாள், வியாழக்கிழமை. ஒரு மருத்துவரின் வரவேற்பறையிலிருந்து வாங்கி வந்த நீளப் பெஞ்சின் விரிசல்களை அடைக்கப் பட்டி பூசிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"ஐயா, தேர்வுப் பிரிவிலேர்ந்து பேசறேன். நூத்திப் பதினேழு உங்க பொண்ணுதானே? விண்ணப்பத்துல ரெண்டாவது நம்பர் இதுதான் இருக்கு. நீங்கதான் தினமும் கூப்பிடறீங்களே, அதான் உங்களுக்கே மொதல்ல பண்ணிட்டேன்."

"சொல்லும்மா, சொல்லும்மா." பட்டி அப்பிய கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"ரிசல்ட் இன்னும் அறிவிக்கலீங்க. பட்டியல் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு உறுதி பண்ணிக்கணும். உங்க பொண்ணு ரெண்டு சுத்துலயும் தேறியிருக்காங்க. இடம் வந்து, கடலோரம் புதுசாத் தொறக்கற கிளை. சம்மதமான்னு தெரியணும்."

கடலோரம் என்றால் ரயிலில் ஒரு முழு இரவு. கறாருக்கு நெஞ்சில் முதலில் வந்தது மகிழ்ச்சி. உடனே வந்தது பயம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் பேச்சுக் குரல் ஏது? ஆனால் வாயில் வந்தது இரண்டுமில்லை. வாய், அதற்குப் பழகிய வேலையைச் செய்தது.

"அவ்வளவு தூரமெல்லாம் சரிப்படாதும்மா. இந்த ஊர்லயே போடுங்க, பாக்கலாம்."

"இங்க இடம் இல்லீங்க ஐயா."

"இல்லன்னு ஒண்ணு இருக்கா? மனசு வெச்சா உண்டு. எம்பொண்ணு மாதிரி ஆளு உங்களுக்குக் கெடைக்கணுமே."

"அப்ப வேண்டாம்னு எடுத்துக்கவா?"

"இந்த ஊருன்னா வேணும். அந்த ஊருன்னா வேண்டாம்."

"ஐயா, இத நீங்க சொல்லி நான் முடிக்க முடியாது. உங்க பொண்ணே எங்கிட்டப் பேசணும். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கூப்பிடச் சொல்லுங்க. கூப்பிடலன்னா விருப்பமில்லன்னு எடுத்துக்கிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருவாங்க. மறக்காமச் சொல்லிருவீங்கல்ல?"

"சொல்றேன், சொல்றேன்."

போனை வைத்ததும் கறார் ஒரு பீடு நடை நடந்தார், பீரோவுக்கும் பெஞ்சுக்கும் இடையே. 'இடம் இல்லை' என்பது அவர் சந்தையில் ஆயிரம் முறை கேட்ட வார்த்தை. இன்னொரு தடவை கேள் என்று அதற்கு அர்த்தம். 'அடுத்த ஆளுக்குப் போய்விடும்' என்பது அதைவிடப் பழைய வார்த்தை. அவரே நேற்று ஒரு கட்டிலுக்கு அதைச் சொன்னார். இன்னொருத்தர் முன்பணம் தருகிறேன் என்கிறார் என்று. இன்னொருத்தரும் இல்லை, முன்பணமும் இல்லை. நாமாகக் கூப்பிட்டால் கடலோரத்துக்கே அனுப்பிவிடுவார்கள். பேசாமல் இருந்தால் அவர்களே இறங்கி வருவார்கள். மகளிடம் சொன்னால் உடனே கூப்பிட்டுச் சரி என்று விடுவாள், அசட்டுப் பெண். இந்த ஊரிலேயே வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம். அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தார். நினைக்கவே இனித்தது.

அன்று மகள் வந்ததும் வழக்கம் போல் செல்போனைப் பார்த்தாள். பரிசீலனையில் உள்ளது.

"ஏம்ப்பா சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கால் வலிக்குதா? அந்தச் சாய்வு நாற்காலியில உக்காரு. அத விக்கல, உனக்குத்தான்."

வெள்ளிக்கிழமை முழுவதும் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். நாலு மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. எடுத்தால் யாரோ மடக்கு நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா என்றார்கள். வாடகைக்குத் தருவதில்லை என்று எரிந்து விழுந்தார். ஐந்து ஆனது, ஐந்தரை ஆனது. யோசிக்கிறார்கள், யோசிக்கட்டும் என்று கடையைச் சாத்தினார். சனியும் ஞாயிறும் அவர்களுக்கு விடுமுறை. அதனால் அந்த இரண்டு நாளும் கறாருக்கும் நிம்மதி.

திங்கட்கிழமை நிம்மதி போய்விட்டது. முன்பு தினமும் கூப்பிட்டுக் கழுத்தை அறுத்த மனிதர், கூப்பிட வேண்டிய நேரத்தில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை எண்ணை அழுத்தினார். மணி அடிப்பதற்குள் துண்டித்தார். இப்போது கூப்பிட்டால் இவ்வளவு நாள் பொறுத்தது வீண் என்று ஒரு மனம். என்னவோ தப்பாகிவிட்டது என்று இன்னொரு மனம். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள்தான், "வெயில்ல அலையாதீங்கப்பா" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கை நெற்றியில் இருந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

செவ்வாயோடு பத்து நாள் முடிந்தது. புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. கடையில், விற்காமல் கிடந்த ஒரு அலுவலக மேசையில் உட்கார்ந்து மெயில் எழுதினாள். பதவியின் பெயர், பதிவெண், தேர்வு நடந்த தேதி. பத்து வேலை நாள் முடிந்துவிட்டதால் முடிவு எப்போது தெரியும் என்று பணிவாக ஒரு வரி. வேறு ஏதாவது விவரம் தேவையென்றால் தருகிறேன் என்று ஒரு வரி. நன்றி. அவ்வளவுதான். அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"அனுப்பாதம்மா" என்றார் கறார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"ஏம்ப்பா?"

"நாமளாக் கேட்டா இளக்காரமா நெனப்பாங்க. இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்."

"முறையாக் கேக்கறதுல என்னப்பா இளக்காரம்? முந்தி நீங்கதான் கேளு கேளுன்னீங்க." அனுப்பிவிட்டாள்.

பதில் மூன்று மணிக்கு வந்தது. அவள் முதலில் மனதுக்குள் படித்தாள். கறார் ஒரு டிராயரின் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார், கழற்றத் தேவையில்லாத பூட்டு. பிறகு சத்தமாகப் படித்தாள், ஒவ்வொரு சொல்லாக, பிள்ளைகள் பாடம் படிக்கிற மாதிரி.

"தாங்கள் எழுத்துத் தேர்விலும் குழு விவாதத்திலும் தேர்ச்சி பெற்றிருந்தீர்கள். பணியிடச் சம்மதத்திற்காகத் தாங்கள் அளித்த இரண்டாவது எண்ணில் சென்ற வியாழக்கிழமை தொடர்பு கொண்டோம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தங்களிடமிருந்து பதில் வராததால், காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு அந்த இடம் வழங்கப்பட்டுவிட்டது. பட்டியல் இன்று வெளியாகிறது."

படித்து முடித்து நிமிர்ந்தாள். "ரெண்டாவது நம்பர் உங்களதுதானே?"

கறார் வாயைத் திறந்தார். முப்பது வருடம் எத்தனை பேரைப் பேசி மடக்கிய வாய். "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னது. கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கம்பெனி மூன்றாவது மாடியில் இருந்தது. வரவேற்பில் போட்டிருந்த நாற்காலிகளை அவர் பார்க்கவே இல்லை. எந்த அலுவலகத்தில் நுழைந்தாலும் முதலில் நாற்காலியைப் புரட்டிப் பார்க்கிற மனிதர். தேர்வுப் பிரிவுப் பெண் வெளியே வந்தாள். குரலை வைத்துப் பெரியவளாக நினைத்திருந்தார், அவர் மகள் வயதுதான்.

"எந்த ஊரானாலும் சரிம்மா. கடலோரம்னாலும் சரி, கடலுக்குள்ளன்னாலும் சரி. அவ வருவா. நான் கொண்டுவந்து விடறேன்."

"ஐயா, அந்த இடத்துக்கு வேற ஒருத்தர் வெள்ளிக்கிழமை ராத்திரியே சம்மதம் சொல்லிட்டாரு. பட்டியல் போட்டாச்சு. ஒட்டியும் ஆச்சு." அவள் குரல் இறங்கியது. "நான் ரெண்டு தடவ கேட்டேனே ஐயா. வேண்டாம்னீங்களே. உங்க பொண்ணக் கூப்பிடச் சொல்லுங்கன்னும் சொன்னேனே."

"அது வேண்டாம்னு சொன்னதில்லம்மா" என்றார் கறார். "அது பேசிப் பாத்தது."

அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததா தெரியவில்லை. அவள் கண் கலங்கியது மட்டும் தெரிந்தது. "நான் அவங்க நம்பருக்கும் ஒரு தடவ அடிச்சிருக்கணும். நீங்க அப்பாங்கறதால விட்டுட்டேன்" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த வருடம் எடுப்பார்கள், அப்போது போடச் சொல்லுங்கள் என்றாள். வயதுக் கணக்கை அவளிடம் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் நுணலோடு போகிறது. இங்கே கெட்டது பிள்ளையின் வேலை.

வீட்டுக்கு வந்தபோது மகள் அதே மேசையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். கறார் எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து கூப்பிட்டது, வியாழக்கிழமை பேசியது, ஐந்து மணி, எதையும் மறைக்கவில்லை.

"இந்த ஊர்லயே உனக்கு வாங்கிக் குடுத்துரலாம்னு நெனச்சேம்மா. நீ தனியா அங்க போய்க் கஷ்டப்படக் கூடாதுன்னு…"

"குழு விவாதம் முடிஞ்சதும் ஒரு தாள் குடுத்தாங்கப்பா" என்றாள் மகள். "எந்த ஊரு வேணும்னு மூணு எழுதச் சொன்னாங்க. அந்தக் கடலோர ஊரத்தான் நான் மொதல்ல எழுதினேன்."

கறார் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நானாக் கேட்டதுப்பா அது. ஒரு தடவையாவது ஒரு ரூம்ல தனியா இருந்து, என் சாவியில என் கதவத் தொறந்து பாக்கணும்னு இருந்திச்சு. உங்கள எப்படி விட்டுட்டுப் போறதுன்னு தெனமும் யோசிச்சுக்கிட்டுதான் இருந்தேன். ரிசல்ட் வந்தா சொல்லிக்கலாம்னு விட்டேன்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா."

மகள் எழுந்து போய் உலை வைத்தாள். அன்றும் அவருக்குத்தான் முதலில் சாப்பாடு போட்டாள். அவர் தட்டில் கை வைத்துக்கொண்டு அழுதார், சின்னப் பிள்ளை மாதிரி. அவள் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

அவளுக்கு இருபத்தேழு பிறந்தது. ஷோரூமில்தான் இன்னும் நிற்கிறாள். வேறு இடங்களுக்கு எழுதிப் போடுகிறாள். அப்பாவிடம் பேசுவதைக் குறைக்கவில்லை. சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா எல்லாம் கேட்கிறாள். எங்கே எழுதிப் போட்டிருக்கிறாள் என்பதை மட்டும் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. கேட்க வாய் வராது.

போன புதன்கிழமை அவள் கடையில் இருந்தபோது கறாரின் போன் அடித்தது. தெரியாத எண். காதில் வைக்கவே இல்லை. ஓட்டமும் நடையுமாக வந்து அவள் கையில் கொடுத்தார்.

"நீயே பேசும்மா. நான் ஒண்ணும் பேசல. எதுவானாலும் நீயே சொல்லு."

அவள் வாங்கிக் கேட்டாள். "ம்… ஒரு நிமிஷம் இருங்க" என்று போனைத் தாழ்த்தினாள்.

"பீரோ வேணுமாம்ப்பா" என்றாள். போனை அவர் கையில் மெதுவாகத் திருப்பி வைத்தாள். அன்றைக்கு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்த மாதிரி இப்போது தொடவில்லை. வேலைக்கு எழுதிக்கொண்டிருந்த தாளுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.